வெள்ளரிக்காய் பழமா, காயா?

கேள்வி: வெள்ளரிக்காய் ஒரு கனின்னு என் பையன் சயின்ஸ் புக்ல இருக்கு. ஆனா வீட்ல அதை வெங்காயத்தோட நறுக்கி உப்பு போட்டுத்தானே சாப்பிடறோம்? யாரு சொல்றது தப்பு?

பதில்: ரெண்டு பேருமே சரிங்க. தாவரவியல்ல சொல்ற கனி வேற, கடையில நாம கேட்டு வாங்கற பழம் வேற, இதை பையனுக்கு யாரும் பிரிச்சு சொல்லலங்கறதுதான் எனக்கு வருத்தம்.

வெள்ளரிக்கொடி இருக்கற வீட்டுக்கு காலைல அவனை கூட்டிட்டு போங்க. மஞ்சப் பூ ரெண்டு விதமா இருக்கும், ஒண்ணு வெறும் மெல்லிசான காம்புல நிக்கும், அது ஆண் பூ. இன்னொண்ணுல இதழுக்குக் கீழயே சுணை சுணையா குட்டி வெள்ளரிக்காய் ஒண்ணு ஒட்டிட்டிருக்கும், அது பெண் பூ, அந்த குட்டிதான் சூலகம். தேனீ மகரந்தம் கொண்டு வந்து சேத்தா அது பெருக்கும், சேக்கலைன்னா பெரும்பாலும் மஞ்சளாகி சுருங்கி விழுந்துடும். இப்படி பூவோட சூலகம் வளந்து விதைய சுமந்தா தாவரவியல்ல அது கனி, இனிச்சாலும் சரி இனிக்கலைன்னாலும் சரி. அந்தக் கணக்குல கத்தரிக்காய், வெண்டைக்காய், பூசணி எல்லாமே கனிதான்.

சமைக்கறவங்களுக்கு பூ எங்க இருந்துச்சுங்கறது முக்கியமில்ல, நாக்குல என்ன தெரியுதுங்கறதுதான் கணக்கு. வெள்ளரியை நாம பழுக்கவே விடறதில்ல, விதை இளசா இருக்கும்போதே பறிச்சிடறோம். அதுல நூறு கிராமுக்கு 95 கிராம் தண்ணி, சர்க்கரை 2 கிராம் கூட தேறாது, முலாம்பழத்துல 8 கிராம் வரைக்கும் இருக்கும். இனிப்பும் இல்ல, பெருசா வாசனையும் இல்ல, கடிச்சா நறுக்குனு தண்ணி விடும், அதனாலதான் உப்பு, எலுமிச்சை, மிளகு, தயிர் எது சேத்தாலும் ஒத்துப்போகுது. ஆனா உப்பு அந்த தண்ணியை வெளிய இழுத்துடும், அதனால பச்சடி பண்றவங்க நறுக்குனதுல கொஞ்சம் உப்பு பிசறி பத்து நிமிஷம் வெச்சு பிழிஞ்சுட்டு தயிர்ல போடுங்க, இல்லன்னா அரை மணி நேரத்துல மோராயிடும்.

இந்த சண்டை கோர்ட்டு வரைக்கும் போயிருக்கு. தக்காளிக்கு காய்கறி வரி போடலாமான்னு அமெரிக்க சுப்ரீம் கோர்ட்ல கேஸ் நடந்து 1893ல தீர்ப்பு வந்துச்சு. தக்காளி, வெள்ளரி எல்லாம் தாவரவியல்படி கனிதான், ஆனா ஜனங்க பேச்சுல காய்கறி, அதனால வரி உண்டுன்னு சொல்லிட்டாங்க.

இன்னொண்ணு. கோடையில வெடிச்சு மாவு மாதிரி இருக்கற வெள்ளரிப்பழத்துல நாட்டுச்சர்க்கரை தூவி சாப்பிடறோமே, அது சாலட் வெள்ளரி பழுத்து வந்ததில்ல, முலாம்பழ இனம். கொடியில இருக்கற வெள்ளரிய அந்த ஆசையில முத்த விட்டுடாதீங்க, தோல் தடிச்சு விதை கட்டியாகி சதை புளிக்கத்தான் செய்யும்.