மொத்த மதிப்பெண்ணா, விழுக்காடா? வெவ்வேறு பாடம் எடுத்தவர்களை எப்படி வரிசைப்படுத்துவது?

கேள்வி: உட்லண்ட்ஸில் வாரயிறுதித் துணைப்பாட வகுப்பு நடத்தும் தொண்டூழியர் நான். உயர்நிலை மூன்றில் 28 மாணவர்கள். ஆங்கிலம், கணிதம், தமிழ் எல்லாருக்கும் உண்டு; மற்றவை அவரவர் விருப்பம். ஆங்கில இலக்கியத்துக்கு 50 மதிப்பெண், மற்றவற்றுக்கு 100. மொத்த மதிப்பெண்ணைப் பார்த்தால் அதிகப் பாடம் எடுத்தவரே முதலில் வருகிறார். எடுத்த பாடங்களின் மொத்தத்தில் எத்தனை விழுக்காடு என்று கணக்கிட்டு முதல் பரிசு கொடுத்தால் சரியாக இருக்குமா? எக்செலில் அதை எப்படிச் செய்வது? பட்டியலை இணைத்திருக்கிறேன்.

பதில்: விழுக்காடு மொத்த மதிப்பெண்ணைவிட நியாயமானது. ஆனால் அது தீர்க்கும் சிக்கல் ஒன்றுதான். உங்கள் பட்டியலில் இருந்தே மூவரை எடுத்துக்கொள்கிறேன், பெயர்களை மாற்றிவிட்டேன்.

கவிதா ஆங்கிலத்தில் 72, கணிதத்தில் 81, தமிழில் 85, கூடுதல் கணிதத்தில் 66, இயற்பியலில் 60 எடுத்திருக்கிறார். மொத்தம் 500க்கு 364. இளங்கோ அதே மூன்று பொதுப் பாடங்களில் 77, 79, 80, புவியியலில் 78, 400க்கு 314. முருகன் 70, 78, 80, இலக்கியத்தில் 50க்கு 45, 350க்கு 273. மொத்த மதிப்பெண்படி கவிதா முதலிடம். விழுக்காட்டில் இளங்கோ 78.5, முருகன் 78.0, கவிதா 72.8. வரிசை அப்படியே மாறிவிடுகிறது.

எக்செலில் இரண்டாம் வரிசையில் ஒவ்வொரு பாடத்தின் முழு மதிப்பெண்ணை எழுதுங்கள் (B முதல் H வரை ஏழு பாடங்கள்). மாணவர்கள் மூன்றாம் வரிசையில் தொடங்கட்டும். எடுக்காத பாடத்தின் கட்டம் காலியாக இருக்க வேண்டும். பிறகு I3, J3 கட்டங்களில் முறையே இவற்றை இட்டுக் கீழே இழுங்கள்:

```
=100*SUM(B3:H3)/SUMPRODUCT(ISNUMBER(B3:H3)*$B$2:$H$2)
=RANK.EQ(I3,$I$3:$I$30)
```

முதல் சூத்திரம் வாங்கிய மதிப்பெண்களைக் கூட்டி, எண் இருக்கும் கட்டங்களின் முழு மதிப்பெண்ணால் மட்டும் வகுத்து விழுக்காடாக்குகிறது. இரண்டாவது சூத்திரம் இடத்தைத் தருகிறது.

பலர் ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியாக விழுக்காடு கண்டு, பிறகு அவற்றின் சராசரியை எடுக்கிறார்கள். அது வேறு கணக்கு. முருகனின் 45/50 அங்கே 90 ஆகி, நூறு மதிப்பெண் பாடத்துக்குச் சமமான எடை பெறும். அவருடைய சராசரி 79.5 ஆக உயர்ந்து இளங்கோவைத் தாண்டிவிடுவார். ஐம்பது மதிப்பெண் தாளுக்குப் பாதி எடைதான் என்று நீங்கள் கருதினால் மேலே உள்ள சூத்திரமே பொருத்தம். எதை எடுத்தாலும் ஒன்றையே எல்லாருக்கும் எடுங்கள்.

தவறு பெரும்பாலும் காலிக் கட்டங்களில்தான் நேர்கிறது. தேர்வுக்கு வராதவருக்கு “AB” என்று எழுதினால், அது எண் இல்லை என்பதால் அந்தப் பாடமே கணக்கிலிருந்து போய்விடும். வராமல் இருந்ததே அவருக்கு இலாபமாகிவிடும். மருத்துவச் சான்றிதழ் இருந்தால் விட்டுவிடுவது சரி. காரணமின்றி வராதவருக்கு 0 என்று எழுதுங்கள்.

இதைவிட மறைவானது, எண்போலத் தெரியும் எழுத்து. வாட்ஸ்அப்பில் வந்த மதிப்பெண்ணை நகலெடுத்து ஒட்டும்போது ஓர் இடைவெளியும் சேர்ந்துவிட்டால், எக்செல் அதை எண்ணாகக் கொள்ளாமல் போகலாம். கவிதாவின் இயற்பியல் 60 அப்படி மாறினால் அவருடைய விழுக்காடு 72.8 இலிருந்து 76.0க்கு ஏறிவிடும், எந்த எச்சரிக்கையும் வராது. கண்டுபிடிக்க எளிய வழி, K3 கட்டத்தில் `=COUNT(B3:H3)` என்று இட்டு, மாணவர் பதிவுசெய்த பாடங்களின் எண்ணிக்கையுடன் ஒப்பிடுவது. கவிதாவுக்கு 5 வர வேண்டும். 4 வந்தால் ஒரு கட்டம் பழுது.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். விழுக்காடு சரிசெய்வது, மொத்த மதிப்பெண் வெவ்வேறாக இருப்பதை மட்டும்தான். ஒரு தாள் கடினமாக இருந்ததையோ ஒருவர் கண்டிப்பாகத் திருத்தியதையோ அது தொடவே தொடாது. மூவரும் எழுதிய பொதுப் பாடங்களை மட்டும் பாருங்கள்: 300க்குக் கவிதா 238, இளங்கோ 236, முருகன் 228. எல்லாரும் ஒரே தாளை எழுதிய இடத்தில் முன்னால் நிற்பவர், விழுக்காட்டில் கடைசிக்குப் போயிருக்கிறார். இது எனக்கு உறுத்துகிறது. அவரைக் கீழே இழுத்தவை அவர் துணிந்து எடுத்த இரண்டு பாடங்கள்.

அது கவிதாவின் தடுமாற்றமா, தாளின் கடுமையா என்பதை உங்கள் பட்டியலே சொல்கிறது. கூடுதல் கணிதம் எழுதிய 12 பேரின் பொதுப் பாடச் சராசரி 76. கூடுதல் கணிதத்தில் அதே 12 பேரின் சராசரி 59. இடைவெளி 17. இயற்பியல் எழுதிய 14 பேருக்கு 74, 62, இடைவெளி 12. புவியியல் எழுதிய 11 பேருக்கு இரண்டிலும் 71. கவிதாவுக்கு மட்டும் சறுக்கவில்லை, எழுதிய குழுவுக்கே சறுக்கியிருக்கிறது. அந்த இடைவெளியைக் கூட்டிப் பார்த்தால் 66 என்பது 83, 60 என்பது 72. மொத்தம் 393, அதாவது 78.6. இளங்கோவின் 78.5க்கு ஒரு மயிரிழை மேலே.

இந்த 78.6ஐ வைத்துப் பரிசு கொடுக்கச் சொல்லவில்லை. பொதுப் பாடத்தில் நன்றாகச் செய்பவர்கள் எந்தப் பாடத்திலும் அதே அளவு செய்வார்கள் என்ற ஊகத்தின்மேல் நிற்கும் எண் அது. சிறு குழுவில் அதுவும் நிற்காது. இலக்கியம் எழுதியவர்கள் உங்களிடம் மூன்றே பேர். முருகனின் 45 அவருடைய திறமையா, தாராளமான திருத்தமா என்பதை மூன்று பேரை வைத்து யாராலும் சொல்ல முடியாது. பத்துப் பேருக்குக் குறைந்தால் இந்தத் திருத்தத்தைச் செய்யாதீர்கள். விழுக்காட்டு வரிசை பொய்யா மெய்யா என்று சோதிக்கும் கருவியாக மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

கூடுதல் பாடம் எடுப்பவரை விழுக்காடு தண்டிக்கும் என்பது இங்குள்ள பல்கலைக்கழகங்களும் கணக்கில் கொண்ட ஒன்றுதான். 2026 சேர்க்கை முதல் ஏ நிலை மாணவர்களுக்கு மூன்று எச்2 பாடங்களும் பொதுத் தாளும் சேர்ந்து 70 புள்ளிகள். தாய்மொழியையோ நான்காவது பாடத்தையோ சேர்த்தால் புள்ளி கூடுமானால் மட்டுமே சேர்ப்பார்கள். எச்2 பாடங்களில் இரண்டு ஏ, ஒரு பி, பொதுத் தாளில் பி எடுத்தவருக்கு 66.25. தாய்மொழியில் ஏ இருந்தால் 80க்கு 76.25, அதை 70க்குச் சுருக்கினால் ஏறக்குறைய 66.72. கூடுவதால் சேர்க்கிறார்கள். குறைந்தால் விட்டுவிடுவார்கள். கூடுதலாக ஒன்றைப் படித்ததற்காக யாரும் கீழே போவதில்லை.

உங்கள் வகுப்பில் அடுத்த ஆண்டுக்கு நான் பரிந்துரைப்பது: ஒட்டுமொத்த முதல் பரிசை மூன்று பொதுப் பாடங்களின் 300 மதிப்பெண்ணை வைத்து முடிவுசெய்யுங்கள். விருப்பப் பாடம் ஒவ்வொன்றிலும் முதலாவதாக வந்தவருக்குத் தனிப் பரிசு. இலக்கியத்தில் முதலில் நிற்பவர் முருகன் என்றால் அந்த 45க்கு உரிய மரியாதை அங்கே கிடைக்கும். விதியைத் தேர்வுக்கு முன்பே பெற்றோருக்கு எழுதி அனுப்பிவிடுங்கள்.

இந்த ஆண்டு விழுக்காடு என்று ஏற்கெனவே அறிவித்துவிட்டீர்கள் என்றால் பரிசு இளங்கோவுக்குத்தான். முடிவு தெரிந்த பிறகு விதியை மாற்றுவது அவருக்கு அநியாயம். இன்னும் எதையும் அறிவிக்கவில்லை என்றால், பொதுப் பாடங்களில் கவிதாவும் இளங்கோவும் 300க்கு இரண்டே மதிப்பெண் இடைவெளியில் நிற்கிறார்கள். இருவரையும் மேடைக்கு அழையுங்கள்.