ஆய்வு ஆலோசகருடன் ஒப்பந்தம்: எத்தனை லயம், எந்த ஃபைல், எப்போது காசு

கேள்வி: ஹட்டன் பக்கம் சின்னத் தொண்டு அமைப்பு ஒன்று நடத்துகிறோம். தோட்டக் குடும்பங்களிடம் அடிப்படை ஆய்வு செய்ய, தனியாக வேலை செய்யும் ஆலோசகர் ஒருவரை எடுக்கிறோம். வேலை எவ்வளவு, அவர் எதைத் தர வேண்டும், காசு எப்போது என்பதை ஒப்பந்தத்தில் எப்படி எழுதுவது?

பதில்:

நான் இந்த மேசையின் இரண்டு பக்கமும் இருந்திருக்கிறேன். ஆறு வருஷம் ஓர் அமைப்பில் திட்ட உத்தியோகத்தராக ஆலோசகர்களை எடுத்தேன். இப்போது நானே ஆலோசகராக ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போடுகிறேன். அதனால் இரு தரப்பும் எங்கே வழுக்குவார்கள் என்று ஓரளவு தெரியும்.

முதலில் நாங்கள் செய்த தவறு. ஓர் ஆலோசகரோடு போட்ட ஒப்பந்தத்தில் வேலை பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது: "மூன்று தோட்டங்களில் அடிப்படை ஆய்வு நடத்தி அறிக்கை சமர்ப்பித்தல்." பாதிக் காசு முற்பணம், மீதி அறிக்கை வந்ததும். நாற்பது பக்க பி.டி.எஃப் வந்தது, படங்களோடு பார்க்க அழகாகவும் இருந்தது. இரண்டு வருஷம் கழித்து அதே வீடுகளுக்குப் போய், என்ன மாறியிருக்கிறது என்று பார்க்க வேண்டிய நேரத்தில் மூலத் தரவைக் கேட்டோம். "அது ஒப்பந்தத்தில் இல்லையே" என்றார். அவர் சொன்னது சரிதான். எந்த வீட்டில் எந்தப் பதில் வந்தது என்று தெரியாமல் அடிப்படை ஆய்வை வைத்து என்ன செய்வது? வெறும் சதவீதங்கள்தான் எங்கள் கையில் இருந்தன.

ஆகவே வேலையின் அளவைத் தோட்டக் கணக்கில் எழுதாதீர்கள், வீட்டுக் கணக்கில் எழுதுங்கள். ஒரு தோட்டத்தில் இரண்டு டிவிசனும் இருக்கும், ஆறு டிவிசனும் இருக்கும். மேல் டிவிசனுக்கு ஓட்டோ போகாது, நடக்கத்தான் வேண்டும். அடுத்த ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் நாங்கள் இப்படி எழுதினோம்: "3 தோட்டங்கள், பெயர் குறிப்பிட்ட 7 டிவிசன்கள், 300 குடும்பங்கள், ஒவ்வொரு டிவிசனிலும் எத்தனை குடும்பம் என்பது இணைத்துள்ள அட்டவணைப்படி, குடும்பங்களைத் தெரிவு செய்வது லயக் காம்பரா எண்களில் இருந்து குலுக்கல் முறையில்." கடைசித் துண்டை விட்டுவிட்டால், ரோட்டோரத்து லயங்களில் மட்டும் கேட்டுவிட்டு 300 ஆகிவிட்டது என்று சொல்ல இடம் இருக்கும்.

அடுத்து நேரக் கணக்கு. இதை ஆலோசகரோடு உட்கார்ந்து பேப்பரில் போட்டுப் பாருங்கள். ஒரு வினாக்கொத்துக்கு நாற்பது நிமிஷம், லயத்துக்கு லயம் நடக்கும் நேரம் தனி. நாள் முழுக்கக் கேட்கலாம் என்றால் ஒரு தகவல் சேகரிப்பாளர் எட்டு வீடு முடிப்பார். நான்கு பேர் என்றால் நாளுக்கு 32 வீடு, 300 வீட்டுக்குப் பத்து நாள். காகிதத்தில் சரியாகத்தான் வரும். ஆனால் பகலில் வீட்டில் யார் இருக்கிறார்கள்? கொழுந்துக்குப் போன பெண்கள் வர நாலரை ஆகும். வேலை நேரத்தில் மலைக்குப் போய் அவர்களை நிறுத்திக் கேள்வி கேட்டால் கிலோ குறையும், அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழும். அதைச் செய்யவே கூடாது என்பது என் கட்சி. அப்படியென்றால் மாலையில் மட்டும்தான், ஒருவருக்கு நான்கு வீடு. நாளுக்கு 16, மொத்தம் 19 நாள். ஆளுக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபா என்றால், 1,20,000 என்று போட்ட செலவு 2,28,000 ஆகிறது. இந்த வித்தியாசத்தை ஒப்பந்தத்துக்கு முன்னால் பேசாவிட்டால், பாதி வேலையில் "காசு போதவில்லை" என்ற பேச்சு வரும். அல்லது யாரும் எதுவும் பேசாமல் பகலில் வீட்டில் இருக்கிற ஆச்சிமாரிடமே எல்லாக் கேள்வியும் கேட்டு முடித்துவிடுவார்கள். இரண்டாவதுதான் மோசம், அது வெளியே தெரியாது.

தோட்டத்துக்குள் போக அனுமதி யார் வாங்குவது என்பதையும் எழுதுங்கள். துரையிடம் கேட்டால் கம்பனித் தலைமையகக் கடிதம் வேண்டும் என்பார். எங்களுக்கு ஒரு தடவை மூன்று வாரம் போனது. அது அமைப்பின் பொறுப்பு என்றும், ஆலோசகரின் நாட்கள் அனுமதிக் கடிதம் அவர் கையில் கிடைத்த நாளில் இருந்துதான் ஓடத் தொடங்கும் என்றும் போடுவது நியாயம். மழைக்கும் அதே மாதிரி. ஹட்டன் பக்கம் ஜூன், ஜூலையில் களவேலை வைத்தால் தென்மேல் பருவமழை முகத்தில் அடிக்கும். "இயற்கை அனர்த்தத்தால் தாமதமானால்" என்று பொதுவாக எழுதினால் எந்த மழை அனர்த்தம், எந்த மழை சும்மா மழை என்று பிறகு வாதாட வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அந்தப் பிரதேச செயலாளர் பிரிவுக்கு மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருக்கும் நாட்கள் கணக்கில் சேராது என்று எழுதினால், இருவரும் ஒரே அறிவித்தலைப் பார்த்து ஒத்துப்போகலாம்.

இனி அவர் தர வேண்டியவை. நான் கடைப்பிடிக்கும் வழி இது: ஒவ்வொன்றையும், அதை நான் எப்படிச் சரிபார்ப்பேன் என்பதோடு சேர்த்து எழுதுவேன். "சுத்தப்படுத்திய தரவு" என்று மட்டும் எழுதாமல் இப்படி:

"ஒரு எக்செல் ஃபைல், 300 வரிகள், ஒரு வரி ஒரு குடும்பம், பெயருக்குப் பதில் குறியீட்டு எண், பெயரும் எண்ணும் உள்ள பட்டியல் தனி ஃபைலில், ஒவ்வொரு நிரலுக்கும் விளக்கம் தரும் குறியீட்டுத் தாள், நேர்காணல் தொடங்கிய, முடிந்த நேரங்கள் நீக்கப்படாமல். அமைப்பு 15 குடும்பங்களைக் குலுக்கலில் எடுத்து, மாறாத மூன்று கேள்விகளை மீண்டும் கேட்கும். இரண்டுக்கு மேற்பட்ட குடும்பங்களில் பதில் பொருந்தாவிட்டால், அந்தத் தகவல் சேகரிப்பாளரின் வீடுகள் ஆலோசகரின் செலவில் மீண்டும் செய்யப்படும்."

மாறாத கேள்வி என்றால் வீட்டில் எத்தனை பேர், கழிப்பறை தனியா பொதுவா, தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்பவர் எத்தனை பேர் என்பது போல. போன மாதச் செலவு எவ்வளவு என்று திரும்பக் கேட்டால் யாருக்கும் அதே பதில் வராது, அதை வைத்து யாரையும் பிடிக்க முடியாது.

நேர நிரல்களைப் பற்றி ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், KoboToolbox போன்றவற்றில் தரவு எடுத்தால் `start`, `end` என்று இரண்டு நிரல்கள் தாமாகவே வரும். ஒரு முறை அவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தேன். நாற்பது நிமிஷ வினாக்கொத்தை ஒரு பையன் ஆறு நிமிஷம், ஏழு நிமிஷம் என்று ஒரே இரவில் ஒன்பது வீட்டுக்கு முடித்திருந்தான். இரவு பதினொன்றரைக்கு எந்த லயத்தில் கதவு திறப்பார்கள்? ஆலோசகருக்கும் அது தெரியாது, பாவம். ஒன்பது வீட்டையும் திரும்பச் செய்துகொடுத்தார். முகம் சுளிக்கவில்லை, ஏனென்றால் திரும்பச் செய்ய வேண்டும் என்ற வசனம் ஒப்பந்தத்தில் ஏற்கனவே இருந்தது.

அறிக்கைக்கு எந்த மொழி, எத்தனை பக்கம், எந்த அட்டவணைகள் கட்டாயம் என்று சொல்லுங்கள். தமிழில் நான்கு பக்கச் சுருக்கமும் கேளுங்கள். தோட்டத் தலைவர்மாரிடம் ஆங்கில அறிக்கையைக் கொடுத்து என்ன பயன்? ஒப்பந்தத்தில் இல்லாத வேலைகளையும் பெயர் சொல்லி எழுதுங்கள்: சிங்கள மொழிபெயர்ப்பு, கொடையாளருக்கு ஸ்லைட், அடுத்த திட்ட முன்மொழிவு எல்லாம் இதில் அடங்காது, வேண்டுமென்றால் நாளுக்கு இவ்வளவு, வேலை தொடங்கும் முன் எழுத்தில் சம்மதம் என்று.

திருத்தங்களில்தான் அமைப்புகள் அநியாயம் செய்கின்றன. நான் ஆலோசகராக எழுதிய ஓர் அறிக்கைக்கு முதலில் திட்ட உத்தியோகத்தரின் கருத்து வந்தது. திருத்தினேன். பிறகு பணிப்பாளரின் கருத்து, அது முதலாவதற்கு நேர் எதிர். பிறகு நிர்வாக சபை. கடைசிக் காசு ஐந்து மாதம் கழித்து வந்தது. இப்போது என் ஒப்பந்தங்களில் எல்லாருடைய கருத்தும் ஒரே ஆவணமாக, ஒரே ஆளிடம் இருந்து, வேலை நாட்கள் ஏழுக்குள் வர வேண்டும் என்றும், இரண்டு சுற்றுதான் என்றும், ஏழு நாளில் எதுவும் வராவிட்டால் ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும் என்றும் இருக்கும். நீங்கள் காசு கொடுக்கிற பக்கம் இருந்தாலும் இதைப் போடுங்கள். உங்கள் பணிப்பாளரை நேரத்துக்கு வாசிக்க வைக்க வேறு வழி இல்லை.

காசைத் திகதியில் தொங்கவிடாமல், ஏற்றுக்கொண்ட ஃபைலில் தொங்கவிடுங்கள். ஆலோசனைக் கட்டணம் 4,50,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். ஆரம்ப அறிக்கையும் நான்கைந்து வீட்டில் சோதித்துப் பார்த்த தமிழ் வினாக்கொத்தும் ஏற்கப்பட்டதும் 67,500. தரவு மேலே சொன்ன சோதனையில் தேறியதும் 1,57,500. வரைவு அறிக்கைக்கு 1,35,000, இறுதி அறிக்கைக்கும் சுருக்கத்துக்கும் 90,000. பெரிய துண்டு தரவில் இருப்பதைக் கவனியுங்கள். தரவு கையில் இருந்தால், அறிக்கை சொதப்பினாலும் வேறொருவரை வைத்து எழுதிக்கொள்ளலாம். தலைகீழாக நடக்காது. இடையில் யாராவது விலகினாலும் இதே கணக்குத்தான்: 14 நாள் எழுத்து அறிவித்தல், ஏற்றுக்கொண்டவற்றுக்கு முழுக் காசு, அதுவரை சேர்த்த தரவு எல்லாம் அமைப்பிடம்.

களச்செலவைக் கட்டணத்தோடு கலக்க வேண்டாம். தகவல் சேகரிப்பாளர் கூலியையும் பயணத்தையும் தனியாகப் போட்டு, அதற்கு மட்டும் முற்பணம் கொடுங்கள். தனி ஆள் தன் பையில் இருந்து நான்கு பேருக்குக் கூலி கொடுத்துவிட்டு உங்கள் காசோலைக்குக் காத்திருக்க முடியாது. ஓட்டோக்காரர் பில் தரமாட்டார், அதனால் பயணத்துக்கு நாளுக்கு இவ்வளவு என்று நிலையான தொகை பேசிவிடுவது நல்லது.

வரியையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 2023 ஜனவரியில் இருந்து, நாட்டில் வதியும் தனிநபர் ஆலோசகருக்கு மாதத்தில் 1,00,000 ரூபாவுக்கு மேல் சேவைக் கட்டணம் கொடுத்தால் 5 சதவீதம் நிறுத்திவைத்தல் வரி கழித்து உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குக் கட்ட வேண்டும். நம் கணக்கில் 67,500க்கும் 90,000க்கும் கழிவு இல்லை. 1,57,500இல் 7,875 போய் அவர் கைக்கு 1,49,625 வரும். 1,35,000இல் 6,750 போகும். இரண்டு கொடுப்பனவு ஒரே மாதத்தில் விழுந்தால் கூட்டித்தான் பார்க்க வேண்டும். "கட்டணம் வரிக் கழிவுக்கு முந்தியது, கழித்ததற்குச் சான்றிதழ் தரப்படும்" என்று ஒரு வரி போதும். அந்த வரி இல்லாமல் ஒருவருக்குக் குறைவாகக் காசோலை எழுதி, அவர் ஒஃபிஸ் வாசலில் வந்து நின்ற காலை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. சான்றிதழை எடுத்துக் காட்டும்வரை தேத்தண்ணியைக்கூடத் தொடவில்லை.