‘சொல்லுங்க’ என்று சொல்லிவிட்டுக் காணாமல் போவது

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஜிஎஸ்டி வேலை பார்க்கிறேன். மாதம் பிறந்து இருபதாம் தேதி வரை தலை தூக்க முடியாது. அந்த நேரம் பார்த்து வாட்ஸப்பில் ‘ஹலோ மேடம்’ என்று வரும். அவ்வளவுதான், அதற்கு மேல் ஒன்றும் இருக்காது. ‘ஹலோ சார், சொல்லுங்க’ என்று போட்டால் மாட்டிக்கொள்கிறேன். போடாமல் விட்டால், ‘பார்த்துட்டும் பதில் இல்ல’ என்று முதலாளியிடம் புகார் போகிறது. போன வாரம் பெரியப்பா ‘வணக்கம்மா’ என்று அனுப்பியிருந்தார். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன், மறந்தே போனது. இப்போது அம்மாவிடம் வருத்தப்பட்டிருக்கிறார். வேலையும் கெடாமல், மனிதர்களையும் புண்படுத்தாமல் இதற்கு எப்படித்தான் பதில் போடுவது?

ஒரு வாசகி, ஈரோடு

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் சிக்கல் ‘ஹலோ’வில் இல்லை, ‘சொல்லுங்க’வில் இருக்கிறது.

இமானுவேல் ஷெக்லாஃப் என்று ஓர் அமெரிக்கச் சமூகவியலாளர். போலீஸ் அலுவலகம் ஒன்றில் பதிவான தொலைபேசிப் பேச்சுகளை, சுமார் ஐந்நூறு, எடுத்துவைத்துக்கொண்டு அவற்றின் முதல் சில நொடிகளை மட்டும் ஆராய்ந்து 1968இல் ஒரு கட்டுரை எழுதினார். எல்லாவற்றிலும் போனை எடுத்தவர்தான் முதலில் பேசுகிறார். ஒன்றே ஒன்றில் மட்டும் மணி அடிக்கிறது, எடுக்கிறார்கள், ஒரு நொடி சத்தமே இல்லை. உடனே கூப்பிட்டவரே ‘ஹலோ’ என்கிறார். அந்த ஒன்றை விதிவிலக்கு என்று ஒதுக்கிவிடாமல் அதையே பிடித்துக்கொண்டு யோசித்ததில்தான் அவருக்கு விஷயம் பிடிபட்டது. மணிச் சத்தம்தான் கூப்பிடுதல். எடுத்தவர் சொல்லும் ‘ஹலோ’ அதற்குப் பதில். பதில் வராதபோது, கூப்பிட்டவர் தன் ‘ஹலோ’வால் இன்னொரு தடவை கூப்பிடுகிறார்.

இதில் நமக்கு வேண்டியது அடுத்த படி. கூப்பிட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டால் இரண்டு கடமைகள் பிறக்கின்றன: கூப்பிட்டவர் விஷயத்தைச் சொல்ல வேண்டும், பதில் சொன்னவர் இருந்து கேட்க வேண்டும். வாசலில் நின்று ‘அக்கா’ என்று குரல் கொடுக்கிறவருக்கு உள்ளேயிருந்து ‘இதோ வர்றேன்’ என்று பதில் வந்தால், அவர் அங்கேயேதான் நிற்பார். நீங்கள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டால் அவர் நிற்பது உங்கள் கணக்கில்தான் சேரும்.

வாட்ஸப்பில் வரும் ஒற்றை ‘ஹலோ’ மணிச் சத்தம். ‘ஹலோ சார், சொல்லுங்க’ என்பது போனை எடுப்பது. நம் ஊரில் ‘சொல்லுங்க’ என்பது வெறும் சொல் அல்ல, காதைக் கொடுத்துவிட்டேன் என்கிற வாக்கு. அதைக் கொடுத்துவிட்டு, மாதா மாதம் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டி படிவமான 3பி பக்கம் திரும்பினால், அவர் மெனக்கெட்டுத் தட்டச்சு செய்து அனுப்பிவிட்டுக் காத்திருப்பார். பதிலே போடாமல் இருந்திருந்தால்கூட வேலையாக இருக்கிறார் என்று நினைத்திருப்பார். இப்போது, இருந்துகொண்டே பேசவில்லை என்று நினைப்பார்.

எனக்கே இது நடந்திருக்கிறது. ஒரு நண்பர் காலை பதினோரு மணிக்கு ‘ஹலோ’ என்றார். ‘ஹாய், சொல்லுங்க’ என்று போட்டுவிட்டு அச்சகத்துக்குள் போனேன். மெய்ப்பு பார்த்து முடித்துப் போனை எடுத்தபோது மணி மூன்று. ‘எழும்பூர்ல நிக்கிறேன். மதிய வண்டிக்கு ஊருக்குப் போறேன். ஒரு பை மாம்பழம் இருக்கு, வந்து வாங்கிக்கிறீங்களா?’ என்று பதினொன்று ஐந்துக்கே எழுதியிருக்கிறார். அப்புறம் ‘இருக்கீங்களா?’ என்று இரண்டு தடவை. நான் ‘சொல்லுங்க’ போடாமல் இருந்திருந்தால் அவர் போன் பண்ணியிருப்பார், அல்லது பையை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டுப் போயிருப்பார். என் பதிலை நம்பி நடைமேடையில் பழத்தோடு உட்கார்ந்திருந்தார்.

சரி, உங்கள் இருபதாம் தேதிக்கு வருவோம். மாலை நாலே முக்கால், ‘ஹலோ மேடம்’ வருகிறது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிப் போடுவேன்:

‘வணக்கம் சார். இன்னைக்கு 3பி கடைசி நாள், ஃபைலிங்ல இருக்கேன். விஷயத்தை இங்கயே எழுதிப் போட்டு வைங்க, எட்டு மணிக்கு மேல பார்த்துட்டுப் பேசுறேன். இன்னைக்கே முடிய வேண்டியதுன்னா ஆபீஸ் நம்பருக்குக் கூப்பிடுங்க.’

இதில் உயிர் ‘போட்டு வைங்க’வில் இருக்கிறது. ‘எழுதுங்கள்’ என்றால் நான் படிக்கக் காத்திருக்கிறேன் என்று ஆகிவிடும். ‘எழுதி வையுங்கள்’ என்றால் இப்போது செய்துவிடுங்கள், பயன் பின்னால் என்று பொருள். மாவு அரைத்து வைப்பது, துணி எடுத்து வைப்பது எல்லாம் இதே ‘வை’தான். ‘உடனே பதில் வராது, ஆனால் வந்து பார்ப்பேன்’ என்று நாம் ஒரு வாக்கியமாக நீட்டுவதைத் தமிழ் ஒரு துணைவினையில் முடித்துவிடுகிறது. ஆனால் ‘சொல்லி வைங்க’ மட்டும் வேண்டாம். ‘அவன்கிட்ட சொல்லி வை’ என்று மிரட்டலிலும் அது வரும். எழுதி வைங்க, அனுப்பி வைங்க, போட்டு வைங்க, இந்த மூன்றும் பத்திரமானவை.

காரணத்தைப் பாருங்கள். ‘பிஸியா இருக்கேன்’ என்று நான் எழுதவில்லை. அந்தச் சொல்லில் தான் பெரிய ஆள் என்கிற வாடை கொஞ்சம் அடிக்கிறது, தவிர அதை யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம். ‘3பி கடைசி நாள்’ என்றால் அது கண்ணால் பார்க்கக்கூடிய காரணம். அதுவும் உங்கள் கட்சிக்காரர்களுக்கு அதை விளக்கவே வேண்டாம். தேதி தவறினால் நாளொன்றுக்கு ஐம்பது ரூபாய் தாமதக் கட்டணம் கட்டுகிறவர்கள் அவர்கள்தானே.

அப்புறம் நேரம். ‘அப்புறம் பேசுறேன்’ என்று தனியாகச் சொன்னால் தமிழில் அதற்கு ‘இப்போதைக்கு இல்லை’ என்றுதான் அர்த்தம், கல்யாணத் தரகரிடம் சொல்லும் ‘பார்க்கலாம்’ மாதிரி. நேரம் சொல்ல வேண்டும். ஆனால் ‘எட்டு மணிக்கு’ என்று சொன்னால் எட்டே காலுக்கே நீங்கள் வாக்குத் தவறியவர். ‘எட்டு மணிக்கு மேல’ என்றால் எட்டரையும் அதற்குள் அடங்கும். ஆனால் பதினொன்று அடங்காது. போர்ட்டல் படுத்தி எட்டரையும் தாண்டும் போலிருந்தால், தாண்டுவதற்கு முன்னாலேயே ‘சார், இன்னும் முடியல, காலைல பத்து மணிக்கு மேல பேசுறேன்’ என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். தாண்டிய பிறகு போட்டால் அது மன்னிப்புக் கடிதமாகிவிடும்.

கடைசி வாக்கியத்தில் நான் ‘அவசரமா சார்?’ என்று கேட்கவில்லை, கவனித்தீர்களா? நம் ஆட்களிடம் அப்படிக் கேட்டால் தொண்ணூறு பேர் ‘இல்ல இல்ல மேடம், ஒண்ணும் அவசரமில்ல, நீங்க வேலையைப் பாருங்க’ என்பார்கள். மரியாதைக்காகச் சொல்வது. உண்மையில் அவர் கையில் ஓடிபி வந்து காத்திருக்கும். நீங்கள்தான் ஃபைலிங்குக்காக அதை அனுப்ப வைத்திருப்பீர்கள், அதைச் சொல்லத்தான் அவர் ‘ஹலோ’ என்று ஆரம்பித்திருப்பார். அவசரமா என்று அவரையே தீர்ப்புச் சொல்லச் சொன்னால் அடக்கம் குறுக்கே வந்துவிடும். ‘இன்னைக்கே முடிய வேண்டியதுன்னா கூப்பிடுங்க’ என்று வழியைக் காட்டிவிட்டால், கூப்பிடுவதில் அவருக்குக் கூச்சம் இருக்காது.

இவ்வளவையும் இருபதாம் தேதி முப்பது பேருக்குத் தட்டச்சு செய்ய முடியுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். அலுவலக எண்ணில் வாட்ஸப் பிசினஸ் இருந்தால் Quick replies என்ற இடத்தில் இதைச் சேமித்து `/3b` என்று குறுக்குப் பெயர் கொடுத்துவிடுங்கள். அதைத் தட்டினால் முழு வாசகமும் வந்து நிற்கும். அனுப்புவதற்கு முன் ‘சார்’ என்பதை ‘அண்ணாச்சி’ என்றோ ‘மேடம்’ என்றோ மாற்றி, மணியைச் சரிபார்த்துவிட்டு அனுப்புங்கள். அந்த ஒரு திருத்தம்தான் அதை மனிதர் அனுப்பியதாகக் காட்டும். Away message என்று தானாகவே போகும் வசதியும் அதில் இருக்கிறது. அதை யாருக்கெல்லாம் அனுப்புவது என்று தேர்வு செய்யலாம். உங்கள் தொடர்புப் பட்டியலில் இல்லாத எண்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடமாக வருகிற கட்சிக்காரருக்கு இயந்திரம் பதில் சொன்னால், நீங்கள் பதிலே போடாமல் இருந்ததைவிட அது அவரை அதிகம் சுடும்.

நீல டிக் பற்றி: நீங்கள் அதை அணைத்துவைக்கலாம், ஆனால் அதோடு மற்றவர் படித்தாரா என்பதும் உங்களுக்குத் தெரியாமல் போகும். கட்சிக்காரர் படித்துவிட்டாரா என்று தெரிய வேண்டிய வேலை உங்களுடையது, அதனால் அணைக்காதீர்கள். அறிவிப்பில் தெரியும் முதல் வரியை மட்டும் பார்த்தால் டிக் நீலமாகாது, ‘ஹலோ மேடம்’ முழுசும் அதிலேயே தெரிந்துவிடும். முப்பது நொடி கிடைக்கும் வரை உள்ளே போகாதீர்கள். பதில் போட்ட பிறகு அந்த உரையாடலை Mark as unread என்று மாற்றிவையுங்கள். இது உங்கள் நினைவுக்கு மட்டும்தான். அவர் பக்கம் ஏற்கனவே நீலமானது நீலம்தான்.

‘வெறும் ஹலோ அனுப்பாதீர்கள், விஷயத்தைச் சேர்த்து எழுதுங்கள்’ என்று தங்கள் நிலைக்குறிப்பில் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. கணினிக்காரர்கள் மத்தியில் இதற்கென்றே ஓர் இணையதளமும் இருக்கிறது, nohello.net என்று. அவர்கள் சொல்லும் கணக்கு சரிதான். ஆனால் வந்ததும் வராததுமாக விஷயத்தைக் கொட்டுவது நம் வீடுகளில் மரியாதைக்குறைவு. உங்கள் கட்சிக்காரர் முதலில் கதவைத் தட்டுகிறார், நீங்கள் அழைத்தால்தான் உள்ளே வருவார். அந்தப் பழக்கத்தை இருபதாம் தேதி சாயங்காலம் திருத்த உட்காராதீர்கள்.

பெரியப்பா விஷயம் வேறு. அவருடைய ‘வணக்கம்மா’ கூப்பிடுதலா, வெறும் வணக்கமா என்று முதலில் பார்க்க வேண்டும். காலை ஆறரைக்கு ரோஜாப்பூப் படத்தோடு வந்தால் அது வணக்கம். திருப்பி ஒரு கைகூப்பும் பொம்மையோ ‘வணக்கம் பெரியப்பா’வோ போட்டால் அத்தோடு முடிந்தது. படம் எதுவும் இல்லாமல், மத்தியானத்தில், உங்களுக்கு மட்டும் வந்தால் அவருக்கு ஏதோ பேச வேண்டியிருக்கிறது. அதற்குக் கைகூப்பும் பொம்மை போட்டால் கும்பிட்டு அனுப்பிவைத்த மாதிரி ஆகிவிடும். கட்டைவிரல் பொம்மை அதைவிட மோசம்.

அவரிடம் எழுதி வைக்கவும் சொல்லாதீர்கள். ஒரு வரி தட்டச்சு செய்ய அவருக்குக் கால் மணி நேரம் ஆகும். ‘வணக்கம் பெரியப்பா. ஆபீஸ்ல இருக்கேன். ராத்திரி சாப்பிட்டுட்டு, நீங்க தூங்கறதுக்கு முன்னாடி கூப்பிடுறேன்’ போதும். அவர் ஒன்பது மணிக்குப் படுத்துவிடுகிறவர் என்றால் எட்டரைக்கு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். போன வாரத்துக்கு, இன்றைக்குப் போன் பண்ணி, ‘மெசேஜைப் பார்த்தேன் பெரியப்பா, மறந்துட்டேன்’ என்று உள்ளதைச் சொல்லிவிடுங்கள். நெட் இல்லை, போன் சரியில்லை என்றெல்லாம் சொன்னால் அந்த நீல டிக்கை அவர் பேரன் விளக்கிவிடுவான்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. நீங்கள் இவ்வளவு பக்குவமாக எழுதிய பிறகும் சிலர் ‘ஓகே மேடம்’ என்று மட்டும் போட்டுவிட்டு விஷயத்தை எழுத மாட்டார்கள். எழுதத் தயக்கமோ, எழுத முடியாத விஷயமோ. விட்டது தொல்லை என்று இருந்துவிடாதீர்கள். எட்டு மணிக்கு மேல் என்று சொன்னது நீங்கள். ஃபைலிங் முடிந்து, டீ குடித்துவிட்டு, எட்டே காலுக்கு அவருக்கு ஒரு வரி அனுப்புங்கள்: ‘சார், வேலை முடிஞ்சுது. சொல்லுங்க.’