சண்டையின் நடுவில் கதையைத் தொடங்குவது: கேள்வி பதில்

மார்த்தாண்டத்திலிருந்து ஒருவர்: என் கதையின் முதல் வரி இது: “தம்பி, நம் அப்பா இறந்து எட்டு மாதம் ஆகிறது. குலசேகரத்தில் இருக்கும் அவருடைய இரண்டு ஏக்கர் ரப்பர் தோட்டத்தை என்னைக் கேட்காமல் விற்க நீ முன்பணம் வாங்கிவிட்டாய் என்றாள் அக்கா.” சண்டையில்தான் தொடங்குகிறேன். ஆனாலும் சப்பென்று இருக்கிறது என்கிறார்கள்.

உங்கள் அக்கா தம்பியிடம் பேசவில்லை, வாசகரிடம் பேசுகிறாள். அப்பா இறந்ததும் தோட்டம் எத்தனை ஏக்கர் என்பதும் தம்பிக்குத் தெரியாதா? கூடப் பிறந்தவர்கள் தெரிந்ததை ஒருவருக்கொருவர் அறிவிக்க மாட்டார்கள். தெரிந்ததை வைத்துக் குத்துவார்கள்.

இருவருக்கும் கையில் ஒரு வேலையைக் கொடுத்துப் பாருங்கள். ரப்பர் தோட்டம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். காலையில் எடுத்து வந்த பாலை வடிகட்டி, தண்ணீர் சேர்த்து, தட்டுகளில் ஊற்றி, அமிலம் விட்டுக் கலக்கும் நேரமாக இருக்கட்டும்.

“கேட்டிருந்தால் நீ ஒத்துக்கொண்டிருப்பாயா?”
“நுரையை வழி. கட்டிவிடும்.”
“பதில் சொல்லக்கா.”
“முன்பணத்தை எண்ணி வாங்கியபோது அக்கா என்று ஒருத்தி இருப்பது ஞாபகம் வரவில்லை. அன்றைக்குப் பால் வெட்ட ஆள் வரவில்லை. நான்தான் கத்தியை எடுத்துக்கொண்டு போனேன்.”
“உன்னை யார் போகச் சொன்னது?”
“அப்பா இருந்தவரைக்கும் இப்படிக் கேட்க உனக்கு நாக்கு எழுந்ததா?”

முதல் வரி, பக்கத்தில் இல்லாத ஒரு கேள்விக்குப் பதில். ‘ஏன் என்னைக் கேட்கவில்லை’ என்று அவள் ஏற்கெனவே கேட்டுவிட்டாள், நாம் தாமதமாக வந்து சேர்ந்திருக்கிறோம். நடுவில் தொடங்குவது இதுதான். அவன் இளையவன் என்பது ‘பதில் சொல்லக்கா’வில் வந்துவிட்டது. முன்பணமும் அப்பாவின் சாவும் குத்தலோடு சேர்ந்து வந்தன. இரண்டு ஏக்கர் வரவே இல்லை. அந்த நேரத்தில் அதைச் சொல்ல இருவருக்கும் காரணம் கிடையாது. வாங்குபவர் யார் என்பதை அடுத்த பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

ரப்பர் தெரியாத வாசகருக்காகக் கதைசொல்லி ஒரு வரி சொல்லியாக வேண்டும்: கலக்கியதும் மேலே வரும் நுரையை உடனே வழிக்காவிட்டால் ஷீட்டில் குமிழி விழும், கடைக்காரர் விலையைக் குறைப்பார். அதைச் சொல்லிவிட்டால் அவர்கள் பேசப் பேசத் தட்டில் காசு கெட்டுக்கொண்டிருப்பது வாசகருக்குத் தெரியும். கடைசியில் நுரையை வழிப்பது யார் என்பதிலேயே தோட்டத்தின் மேல் யாருக்கு ஒட்டுதல் என்பதும் தெரிந்துவிடும்.

எழுதி முடித்தபின் ஒவ்வொரு வரியையும் ‘இது எதற்குப் பதில்?’ என்று கேட்டுப் பாருங்கள். எதற்கும் பதிலாக நிற்காத வரி பெரும்பாலும் வாசகருக்காக ஒட்டவைத்த வரிதான்.

நாகர்கோவிலிலிருந்து ஒருவர்: நடுவில் தொடங்குவது மேல்நாட்டு உத்தி. விதி எளியது: சண்டை உச்சத்தில் இருக்கும்போது, அறை விழுகிற இடத்தில் தொடங்க வேண்டும். முன்கதை கூடவே கூடாது. சரிதானே?

பாதி சரி. முன்கதையைத் தள்ளிப்போடச் சொல்வது நல்ல யோசனை. கூடவே கூடாது என்பதை நான் ஏற்கவில்லை. சண்டை ஒரு திருப்பம் திரும்பியபின், வாசகர் தானாகவே ‘இவர்களுக்குள் என்னதான் நடந்தது’ என்று கேட்கும் இடத்தில் நாலு வரி சொன்னால் யாரும் புத்தகத்தை மூடிவிட மாட்டார்கள்.

உச்சத்தில் தொடங்குவதுதான் சிக்கல். முதல் வரியிலேயே அறை விழுந்துவிட்டால் அடுத்த வரி அதைவிடத் தாழ்ந்துதான் ஒலிக்கும். அடித்தவன் யார், அடிபட்டவள் யார் என்று தெரியாதபோது வலியும் உறைக்காது. உச்சத்துக்கு ஐந்தாறு பேச்சு முன்னால், குரல் இன்னும் அடங்கியிருக்கும் இடத்தில் நுழைவதே என் வழக்கம்.

மேல்நாட்டு உத்தி என்பதையும் நான் ஒப்ப மாட்டேன். குறுந்தொகையையும் அகநானூற்றையும் திறந்து பாருங்கள். பரத்தையிடம் போய்வந்த தலைவனைத் தோழி வாசலில் நிறுத்திப் பேசுகிறாள். வீடு எது, ஊர் எது என்ற முன்னுரை எதுவும் கிடையாது, எடுத்த எடுப்பில் பேச்சுதான். ஆனால் பாட்டின் அடியில் யார் யாரிடம் சொன்னது என்று ஒரு துறைக்குறிப்பு நிற்கிறது. அது இல்லாவிட்டால் பல பாட்டுகளில் நாம் தடுமாறுவோம். உங்கள் கதைக்கு அந்தக் குறிப்பை யாரும் எழுதித் தரப்போவதில்லை. அதன் வேலையை முதல் ஆறு பேச்சுகளே செய்தாக வேண்டும்.

தக்கலையிலிருந்து ஒரு பெண்: கூடப் பிறந்தவர்கள் சண்டை பற்றிக் கேட்கலாம் என்றார்கள். என் அண்ணன் சொல்வது பொய். பதினோரு வருடம் வீட்டு வரி கட்டியது நான். ரசீது அத்தனையும் தகர டப்பாவில் இருக்கிறது. பங்கு தர மாட்டேன் என்கிறான். என்ன செய்வது?

இங்கே நாம் பேசிக்கொண்டிருப்பது கதையில் வரும் சண்டை அம்மா. உங்கள் பங்குக்கு வழி சொல்லும் தகுதி எனக்கில்லை. வரி ரசீதை மட்டும் நம்பி இருந்துவிடாமல் பத்திரம், பட்டா நகல்களோடு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். செலவுக்குத் தயக்கமிருந்தால் நாகர்கோவிலில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, அங்கே இலவச உதவி கேட்கலாம்.

மற்றவர்கள் இந்தக் கடிதத்தை ஒருமுறை திரும்பப் படியுங்கள். அவர் பாசம், துரோகம் என்றெல்லாம் எழுதவில்லை. தகர டப்பா என்று எழுதினார். நிஜச் சண்டையில் ஆட்கள் இப்படித்தான் பழைய சின்னப் பொருள் ஒன்றைப் பிடித்துக்கொள்வார்கள்.

குளச்சலிலிருந்து ஒருவர்: நான் எழுதியது வள்ளத்தில் அண்ணன் தம்பி சண்டை. ‘வலையை அறுத்தது நீதான்’ என்று கத்தலில்தான் தொடங்கினேன். எல்லாருக்கும் பிடித்தது. நீங்கள் சொல்வதற்கு நேர்மாறாக இருக்கிறதே?

இருக்கட்டுமே. கடலில் என்ஜின் சத்தத்துக்கு மேல் கத்தினால்தான் காதில் விழும். அங்கே கத்துவது கோபத்தின் உச்சம் ஆகாது, சாதாரணக் குரல்தான். குற்றச்சாட்டும் ‘வலை’ என்ற பொருளைத் தொட்டுத் தொடங்குகிறது. அதனால் உங்களுக்கு மேலே ஏற இடம் மிஞ்சியது என்று நினைக்கிறேன். கதையைப் படிக்காமல் இதற்கு மேல் சொல்ல முடியாது.

அருமனையிலிருந்து ஒரு மாணவி: பேச்சில் வட்டார வழக்கு எவ்வளவு வரலாம்? ‘என்றான்’, ‘என்றாள்’ போடாமல் யார் பேசுகிறார்கள் என்று எப்படிக் காட்டுவது?

விளவங்கோட்டுப் பேச்சு வேறு, நாஞ்சில் நாட்டுப் பேச்சு வேறு. உங்கள் வீட்டில் காதில் விழுவதை மட்டும் எழுதுங்கள், எவ்வளவு என்பதற்கு என்னிடம் அளவு இல்லை. விளிப்பில் மட்டும் கவனம் வையுங்கள். நம் பக்கத்தில் மூத்தவர்கள் இளையவர்களை ‘மக்களே’ என்பார்கள். சண்டையில் அக்கா அதை விட்டுவிட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கோபம் தெரிந்துவிடும். பாதியில் அந்த ‘மக்களே’ திரும்பி வந்தால் அவள் இறங்கி வருகிறாள், அல்லது ஏமாற்றப் பார்க்கிறாள். எது என்பதைத் தம்பியின் பதிலில் காட்டலாம்.

இருவர் பேசும்போது ஆறு பேச்சு வரை ‘என்றாள்’ இல்லாமல் ஓடலாம். அதற்கு மேல் வாசகர் விரல்விட்டு எண்ணத் தொடங்குவார். அப்போது ‘என்றாள்’ போடுவதைவிடக் கையில் இருக்கும் வேலையைக் காட்டுங்கள். தட்டை நகர்த்தியது அக்கா என்றால் அடுத்த வரியும் அவளுடையதுதான்.