காலாண்டு அறிக்கை நாளில் நங்கூரமிட்ட வீவாப்

கேள்வி: கொழும்புப் பங்குகளில் அறிக்கை நாளிலிருந்து போடும் வீவாப் கோட்டை நம்பி, சில நாள் வைத்திருந்து விற்கும் ஸ்விங் வியாபாரத்துக்கு வாங்கலாமா?

வாங்கலாம், கோட்டைத் தொட்டதுமே அல்ல. அந்தக் கோடு, அறிக்கைக்குப் பிறகு கைமாறிய பங்குகளின் சராசரி விலை. சந்தை மூடியபின் அறிக்கை வந்தால் மறுநாளிலிருந்து தொடங்குங்கள். முதல் நாள் 100 ரூபாயில் 1,00,000 பங்குகள், அடுத்த நாள் 106-இல் 50,000 என்றால் கோடு 102-இல் நிற்கும். மூன்றாம் நாள் விலை 101.50 வரை இறங்கி, குறைந்த வியாபாரத்தோடு 103-இல் முடிகிறதா? சரி, அப்போது நுழையலாம், நட்டத்தோடு வெளியேறும் ஸ்டாப் விலை 101.50-க்குச் சற்றுக் கீழே. கோட்டுக்குக் கீழே அதிக வியாபாரத்தோடு முடிந்தால், அறிக்கைக்குப்பின் வாங்கியவர்கள் சராசரியாக நட்டத்தில். அடுத்த ஏற்றத்தில் அவர்களே விற்கக்கூடும்.

நம்மூரில் தொல்லை கிராசிங்தான், அதாவது பேசி முடித்த பெரிய கைமாற்றம். அது தரவில் கலந்தால் கோடு அந்த விலைப் பக்கம் இழுபடும். ஒரே நாளில் வியாபார அளவு விநோதமாக எகிறியிருந்தால், அதில் கிராசிங் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அந்தக் கைமாற்றத்தைக் கழித்துப் பாருங்கள்.