ஆறாவது வாரத்தில் உள்ளே ஸ்கேன் எடுத்தால் கரு கலையுமா?

கேள்வி: எனக்கு ஆறு வாரம். உள்ளே கருவி விட்டு ஸ்கேன் எடுக்கணும்னு டாக்டர் சொல்றாங்க. கரு கலைஞ்சிடும்னு மாமியார் பயப்படுறாங்க. வலிக்குமா? வேண்டாம்னு சொல்லலாமா?

பதில்: கலையாதும்மா. கருவி கர்ப்பப்பையின் வாய்க்கு அருகில் நின்றுவிடும். அந்த வாய் மூடியிருக்கிறது, கரு அதற்கு மேலே இருக்கிறது. இந்த வாரத்தில் கரு ஒரு சில மில்லிமீட்டர்தான் என்பதால் வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் தெளிவாகத் தெரியாது.

சிறுநீர் கழித்துவிட்டுப் படுங்கள். தண்ணீர் குடித்து அடக்கி வைப்பது வயிற்று ஸ்கேனுக்குத்தான். கருவி கட்டைவிரலைவிடச் சற்றுத் தடிமனாக இருக்கும். புது உறை மாட்டி, ஜெல் தடவித்தான் நுழைப்பார்கள். ரப்பர் ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். முனையை நானே நுழைத்துக்கொள்கிறேன் என்றும் கேட்கலாம், பலருக்கு அதுவே சுலபம். ஐந்து, பத்து நிமிடம் அழுத்தம் தெரியும். வலித்தால் “நிறுத்துங்க” என்றதும் நிறுத்தத்தான் வேண்டும்.

வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆண் மருத்துவர் என்றால் உடன் ஒரு பெண் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். ஸ்கேனுக்கு முன் படிவம் எஃப்-இல் கையெழுத்து வாங்குவார்கள். அது 1994 சட்டப்படி, குழந்தை ஆணா பெண்ணா என்று அறிய விரும்பவில்லை என்ற உறுதிமொழி. உள்ளே பரிசோதிப்பதற்கான சம்மதம் அதில் அடங்காது. “கையெழுத்துப் போட்டாச்சே, படுங்க” என்று அவசரப்படுத்தும் மையங்களை நினைத்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஒரு நிமிடம் விளக்கிச் சொல்ல என்ன கஷ்டம்? பாலினம் சொல்கிறோம் என்று வரும் புரோக்கரிடம் பேச்சே வேண்டாம். ஆறாவது வாரத்தில் அது ஸ்கேனில் தெரியவும் தெரியாது.

நான் அதிகம் பயப்படுவது ஸ்கேனுக்குப் பிறகு நடப்பதற்குத்தான். ஒருவருக்கு கடைசி மாதவிடாய்க் கணக்கில் 6 வாரம் 2 நாள், கருவின் நீளம் 4 மி.மீ., துடிப்பு தெரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். “கரு நின்னுடுச்சு, நாளைக்கே சுத்தம் பண்ணிடலாம்” என்பார்கள். சம்மதிக்காதீர்கள். அவருக்கு மாதவிடாய் 35 நாளுக்கு ஒருமுறை வருமென்றால் கருவின் உண்மையான வயது ஏறக்குறைய ஒரு வாரம் குறைவு. 7 மி.மீ.க்குக் குறைவான கருவில் துடிப்பு இல்லையென்றால், குறைந்தது 7 நாள் கழித்து மறுபடி பார்த்த பிறகுதான் முடிவு சொல்ல வேண்டும். ரிப்போர்ட்டைக் கையில் வாங்கி, நீளம் எவ்வளவு என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்.

காத்திருக்கக் கூடாத நிலை ஒன்று உண்டு, கவனமாகக் கேளுங்கள். கர்ப்பப்பைக்குள் கரு வளரும் சிறு பை தெரியவில்லை, அதோடு அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, தலைசுற்றல், மயக்கம், தோள்பட்டை நுனியில் வலி என்றால் கரு குழாயில் தங்கியிருக்கலாம். ரத்தப்போக்கு கொஞ்சமாகத்தானே இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொள்ளாதீர்கள். குழாய் வெடித்தால் ரத்தம் வயிற்றுக்குள்தான் சேரும். அப்போது மறு ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காமல், இரவானாலும் அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.