பெற்றோர் இருவருக்கும் குடியுரிமை இருந்தும் குழந்தை நாடற்றதாகப் பிறக்குமா?

கேள்வி: அப்பா, அம்மா ரெண்டு பேருமே பிரிட்டிஷ் குடிமக்கள். அப்படியும் பிள்ளைக்கு எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமல் போகுமா?

போகலாம். இரண்டு நாட்டு விதிகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளிதான் காரணம்.

பெற்றோர் இருவரும் பிரிட்டனுக்கு வெளியே பிறந்து, வம்சாவளியால் மட்டும் குடியுரிமை பெற்றவர்கள் என்று வைத்துக்கொள்வோம். குழந்தை துபாயில் பிறக்கிறது. அமெரிக்கா போல மண்ணில் பிறந்தாலே குடியுரிமை தரும் வழக்கம் அமீரகத்தில் இல்லை. பிரிட்டனின் 1981 சட்டமோ, வம்சாவளிக் குடியுரிமை பொதுவாக வெளிநாட்டில் பிறக்கும் ஒரு தலைமுறையோடு நிற்கும் என்கிறது. பெற்றோருக்கு வேறு நாட்டுக் குடியுரிமையும் இல்லையென்றால் குழந்தை நாடற்றது.

இதற்கு அதே சட்டத்தில் ஒரு வழி உண்டு. தாத்தா பாட்டியில் ஒருவர், வம்சாவளியால் அல்லாமல், பிரிட்டனில் பிறந்தது போன்ற வழியில் குடிமகனாகி, அதை இந்தப் பெற்றோருக்குக் கொடுத்தவராக இருந்தால் குழந்தையைப் பதிவு செய்யலாம். வழக்கமாக அந்தப் பெற்றோர் குழந்தை பிறக்கும் முன் மூன்று ஆண்டுகள் பிரிட்டனில் வாழ்ந்திருக்க வேண்டும். நாடற்ற குழந்தைக்கு அந்த நிபந்தனை கிடையாது. ஆனால் பதினெட்டு வயதுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தானாக நடக்கும் என்று காத்திருப்பவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

சரி, பிறகு குடியேறி வாங்கிக்கொள்ளலாமே? அதற்குப் பல ஆண்டுகள் சட்டப்படி வசித்திருக்க வேண்டும். பாஸ்போர்ட் இல்லாதவருக்கு விசாவே கிடைப்பது கடினம், அப்புறம் எங்கே வசிப்பது?